தாவா நிலங்கள் குறித்த இரண்டாம் மேல்முறையீட்டுத் தீர்ப்பு: அறங்காவலர்களுக்கான சுருக்கம்

நாள்: 24.11.2025

அறங்காவலர் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் கோயில் சொத்து வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 14.11.2025 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 41 பக்கம். சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்; தீர்ப்பு இணையதளத்தில் ஏறிவிட்டதால் அதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஊரில் 'எல்லாம் நம் பக்கம்' என்று பேச்சு கிளம்பிவிட்டதாகக் கேள்வி. அது முழுக்கச் சரியில்லை. தாவா அட்டவணையில் மூன்று சொத்துகள். மூன்றுக்கும் மூன்று விதமான முடிவு.

முதலாவது, 3 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை. உரிமை கோயிலுக்கு, சுவாதீனமும் கோயிலுக்கு. இரண்டாவது, தெற்கு வீதியில் உள்ள 22 சென்ட் மனை. தரை கோயிலுக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டது. ஆனால் அதில் கட்டடம் கட்டிக் குடியிருப்பவரை இந்த வழக்கின் மூலம் வெளியேற்ற முடியாது என்றும் சொல்லிவிட்டது. மூன்றாவது, குளக்கரையை ஒட்டிய 11 சென்ட். அதில் தோற்றுவிட்டோம்.

நஞ்சை விஷயத்தை முதலில் சொல்கிறேன், தீர்ப்பில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான். இது இனாம் நிலம். 1963ஆம் ஆண்டின் 30ஆவது சட்டப்படி, அதாவது சிறு இனாம் ஒழிப்புச் சட்டப்படி, செட்டில்மெண்ட் தாசில்தார் 1969இல் கோயில் பெயருக்குப் பட்டா கொடுத்தார். அதை எதிர்த்து யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. 1978இல் அப்போதைய பரம்பரை அறங்காவலர் இந்த நிலத்தை 14,000 ரூபாய்க்கு முதல் பிரதிவாதியின் தகப்பனாருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டார். 1987இல் யு.டி.ஆர். கணக்கெடுப்பின்போது பட்டாவும் அவர்கள் பெயருக்கு மாறிவிட்டது. நாம் வழக்குப் போட்டது 2011இல். 2016இல் சார்பு நீதிமன்றத்தில் வென்றோம். 2019இல் மாவட்ட நீதிமன்றம் 'பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அனுபவ பாத்தியம் அவர்களுக்கு வந்துவிட்டது' என்று சொல்லி நஞ்சையைப் பொறுத்தவரை அதை மாற்றியது. அதை எதிர்த்துத்தான் இந்த இரண்டாம் மேல்முறையீடு.

உயர் நீதிமன்றம் இதில் சுற்றி வளைக்கவில்லை. அறநிலையச் சட்டம் 34ஆவது பிரிவின்படி, கோயிலின் அசையாச் சொத்தை விற்பதற்கும், அடமானம் வைப்பதற்கும், ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கும் ஆணையரின் முன் அனுமதி வேண்டும். கோயிலுக்கு அது அவசியம் அல்லது நன்மை என்று ஆணையர் கருதினால்தான் அனுமதி. அனுமதி இல்லாத கிரயம் செல்லாது. 1978 பத்திரத்தில் அனுமதி பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் பிரதிவாதி தரப்பும் குறுக்கு விசாரணையில் 'அப்படி ஒன்றும் வாங்கவில்லை' என்று ஒப்புக்கொண்டது. செல்லாத பத்திரத்தின் மேல் கட்டிய எதுவும் நிற்காது என்று அந்தப் பகுதியை முடித்துவிட்டார் நீதிபதி.

காலவரையறை பற்றிய பகுதி கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் எதிர்த்தரப்பு உச்ச நீதிமன்றம் போனால் அவர்கள் பிடிக்கப்போவது இதைத்தான். எனவே பொறுமையாகப் படியுங்கள். அறநிலையச் சட்டத்தின் 109ஆவது பிரிவு முன்பு ஒரு வடிவத்தில் இருந்தது: 30.9.1951க்கு முன்பே ஒருவருக்குப் போய்ச் சேர்ந்திராத கோயில் சொத்து, காலாவதிச் சட்டத்தால் இனி அவருக்குப் போய்ச் சேராது என்பது அதன் சாரம். 2003 திருத்தத்துக்குப் பிறகு, கோயிலின் அசையாச் சொத்தைச் சுவாதீனம் கேட்டுப் போடும் வழக்குக்குக் காலாவதிச் சட்டமே பொருந்தாது என்றாகிவிட்டது. நீதிபதி இரண்டையும் வரிசையாக வைத்துப் பார்க்கிறார். அனுபவம் தொடங்கியது 1978இல். 1951க்கு வெகு பின்னால். ஆகவே பழைய வடிவத்தின்படியும் உரிமை கைமாறவில்லை. 2011இல் வழக்குப் போடும்போது புதிய வடிவம் நடைமுறையில் இருந்தது. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது. 'ஒருவேளை காலாவதிச் சட்டம் பொருந்தும் என்றே வைத்துக்கொண்டாலும்' என்று இன்னொரு வழியும் காட்டியிருக்கிறார்: 96ஆவது இனத்தின்படி, பத்திரம் எழுதிக் கொடுத்த நிர்வாகி இறந்த நாள், புதிய நிர்வாகி பொறுப்பேற்ற நாள் போன்றவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து பன்னிரண்டு வருடம். எழுதிக் கொடுத்தவர் 1999இல் காலமானார். புதிய குழு 2008இல் பொறுப்பேற்றது. எப்படி எண்ணினாலும் வழக்கு காலத்துக்குள்தான். மாவட்ட நீதிமன்றம் பத்திர நாளிலிருந்தே எண்ணத் தொடங்கியதுதான் பிழை.

யு.டி.ஆர். பட்டா பற்றி ஒரே பத்தி. பட்டா வருவாய்க் கணக்கு, உரிமைப் பத்திரம் அல்ல. செட்டில்மெண்ட் உத்தரவை அது அசைக்காது. இந்த இடத்தில் 2007இல் கொச்சி தேவஸ்வம் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நீதிபதி எடுத்துக்காட்டியிருக்கிறார்: கோயில் சொத்தைக் காக்க வேண்டிய கடமை அறங்காவலருக்கும் பக்தருக்கும் மட்டுமல்ல, நீதிமன்றத்துக்கும் உண்டு, பொறுப்பில் இருப்பவர்களே உடந்தையாக இருந்து சொத்து பறிபோவதையும் நீதிமன்றம் பார்த்துக்கொண்டிருக்காது.

கிரயப் பணம் கும்பாபிஷேகத்துக்குச் செலவானது, அதையாவது திருப்பித் தர வேண்டும் என்று முதல் பிரதிவாதி கேட்டார். நாம் தாக்கல் செய்த 1978-79 வரவு செலவுப் புத்தகத்தில் அந்த 14,000 ரூபாய் வரவே இல்லை. எனவே கோயில் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு. பழைய எழுத்தர் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

வயலில் இப்போது சம்பா நிற்கிறது. அதனால் அறுவடை முடிய அவகாசம் கொடுத்து, 28.02.2026க்குள் சுவாதீனத்தை ஒப்படைக்க உத்தரவு. அதற்குள் நம் ஆட்கள் யாரும் வயலில் இறங்கக் கூடாது, வரப்பில் போர்டு வைக்கவும் கூடாது. தேதி தாண்டினால் நிறைவேற்று மனு போட்டு அமீனா மூலம் எடுத்துக்கொள்ளலாம். வழக்குக்கு முந்தைய மூன்று வருட வருவாயாக 18,00,000 ரூபாய் கேட்டிருந்தோம். ஆதாரம் இல்லை என்று அது தள்ளுபடி. வழக்குப் போட்ட நாளிலிருந்து வரவேண்டிய தொகை தனி விசாரணையில் முடிவாகும். அதற்கு அக்கம்பக்கத்துக் கோயில் நிலங்களின் குத்தகை ரசீதுகள் நிறைய வேண்டும், இப்போதே சேகரிக்கத் தொடங்குங்கள்.

மனை விஷயத்தில் கொஞ்சம் வருத்தம்தான். இரண்டாம் பிரதிவாதி மூன்று தலைமுறையாகத் தரை வாடகை கொடுத்து வருபவர். நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் நிலத்தையே விலைக்குக் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்றார். 1996 திருத்தம் கோயில் நிலங்களை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது, உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை உறுதி செய்திருக்கிறது; அந்த வாதம் போயிற்று. பிறகு எதில் விழுந்தோம்? 2010 மார்ச்சில் பதினைந்து நாள் நோட்டீஸ் அனுப்பிக் குத்தகையை முடித்தோம். அப்புறம் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அலுவலகம் வழக்கம்போல 'வாடகை' என்றே ரசீது போட்டு வாங்கியிருக்கிறது. சொத்துரிமை மாற்றச் சட்டம் 113ஆவது பிரிவின்படி, நாமே நோட்டீஸைக் கைவிட்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஒன்பது ரசீது, பதினான்கு வருட வழக்கு.

இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. உரிமை இப்போது உறுதியாகிவிட்டது. புதிய நோட்டீஸ் கொடுத்து, அதன் கெடு முடிந்ததும் அறநிலையச் சட்டம் 78ஆவது பிரிவில் இணை ஆணையரிடம் போவதே சுருக்கமான வழி. குத்தகை முடிந்தும் இடத்தை விடாதவரை அந்தப் பிரிவு ஆக்கிரமிப்பாளர் என்றே கணக்கில் எடுக்கிறது. அல்லது அவர் நியாய வாடகைக்கு ஒத்துக்கொண்டால் 34-ஏ பிரிவின்படி வாடகை நிர்ணயித்து வைத்துக்கொள்ளலாம். ஊரில் பழகிய குடும்பம், எந்த வழி என்று குழுதான் முடிவெடுக்க வேண்டும். சட்டத்தில் இரண்டும் சரி. எந்த வழியானாலும், புதிய நோட்டீஸ் போன நாளிலிருந்து 'வாடகை' என்று ஒரு ரசீதும் போகக் கூடாது. பணம் வந்தால் 'உபயோக இழப்பீடு, கோயிலின் உரிமைக்குப் பாதகமின்றி' என்று எழுதி வாங்குங்கள். செயல் அலுவலருக்கும் எழுத்தருக்கும் இதை எழுத்து மூலமாகவே சொல்லிவிடுங்கள்.

குளக்கரை 11 சென்ட் வருவாய்க் கணக்கில் புறம்போக்கு. அரசை வழக்கில் சேர்க்காமல் உரிமை அறிவிக்க முடியாது என்று மூன்று நீதிமன்றமும் ஒரே குரலில் சொல்லிவிட்டன. அதை மாவட்ட ஆட்சியரிடம் மனு மூலம் பார்ப்போம். பெரிய வருமானம் வரும் இடமும் அல்ல.

மேல்முறையீட்டுக்கு எதிர்த்தரப்புக்குத் தொண்ணூறு நாள். நகல் பெற ஆகும் காலம் நீங்கலாக 12.02.2026 வரை. உச்ச நீதிமன்றத்தில் கேவியட் போட்டுவிட வேண்டும், நம்மைக் கேட்காமல் தடை உத்தரவு வாங்கிவிடக் கூடாது. இன்னொன்று: தீர்ப்பு நகலோடு சார்பதிவாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, இந்தச் சர்வே எண்களில் எந்தப் பத்திரமும் பதிவாகாமல் தடுத்து வைக்கச் சொல்லுங்கள். 1987 பட்டாவை ரத்து செய்யத் தாசில்தாரிடமும் மனு போக வேண்டும். நஞ்சை கைக்கு வந்தவுடன் 'ஒரு போகத்துக்கு மட்டும்' என்று யாரிடமும் வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். உழுதுவிட்டவரை எழுப்புவது இன்னொரு வழக்கு. பொது ஏலம், எழுத்துப்பூர்வக் குத்தகை, ஐந்து வருடத்துக்கு மிகாமல்.

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். 1978இல் கிரயம் எழுதிக் கொடுத்தவரின் பேரன் இப்போது நம் குழுவில் இருக்கிறார். தீர்ப்பில் அவரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. வழக்கு நடத்த அவர் உதவியும் செய்திருக்கிறார். இருந்தாலும் இந்தச் சொத்துகள் பற்றிய தீர்மானங்களில் அவர் வாக்களிக்காமல் விலகியிருப்பதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். முதல் பிரதிவாதி அவர் குடும்பத்தின் மேல் பணம் கேட்டு வழக்குப் போடக்கூடும். அப்போது குழுவின் தீர்மானத்தில் அவர் கையெழுத்து இருப்பது அவருக்கும் நல்லதல்ல, கோயிலுக்கும் நல்லதல்ல.

கேவியட்டுக்கும் நிறைவேற்று மனுவுக்கும் அதிகாரம் கொடுக்கும் தீர்மான நகல் டிசம்பர் 5க்குள் எனக்கு வேண்டும். கையெழுத்திடப் போகும் அறங்காவலர் நியமன உத்தரவின் நகலையும் எடுத்துக்கொண்டு காலையில் அலுவலகம் வரட்டும். பதினொரு மணிக்கு மேல் நான் நீதிமன்றத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
கோயில் தரப்பு வழக்கறிஞர்