செல் பகுப்பு அலகுத் தேர்வு: உன் விடைத்தாளோடு சேர்த்துப் படிக்க வேண்டிய திருத்தம்

தம்பி,

15-க்கு 6 போட்டிருக்கிறேன். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடாதே, இதை முழுக்கப் படி. நீ படிக்காமல் வந்து எழுதியவன் இல்லை என்பது தாளைப் பார்த்தாலே தெரிகிறது. லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் ஐந்தும் வரிசை பிசகாமல் இருக்கின்றன. நம் மஞ்சக்குப்பம் பேட்ச்சில் அதைச் சரியாக எழுதியவர்கள் குறைவு. சிக்கல் வேறு இடத்தில். பெயர்கள் தெரிகின்றன, எந்தப் பகுப்பில் யார் யாரைப் பிரிகிறார்கள் என்பது தெரியவில்லை. உன் தாளில் இருக்கும் சிவப்பு மையில் முக்கால்வாசி இந்த ஒரே காரணத்தால் விழுந்தது.

அதை முதலில் மனதில் ஏற்று. மைட்டாசிஸில் பிரிவது சகோதரி குரோமாட்டிட்கள். மியாசிஸ் 1-இல் பிரிவது ஒத்திசைவுக் குரோமோசோம்கள், அதாவது தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததும். மியாசிஸ் 2-இல் மறுபடியும் சகோதரி குரோமாட்டிட்கள்.

இனி கேள்வி வாரியாக.

முதல் கேள்வி, படத்தை அடையாளம் காண்பது (5-க்கு 2½). படத்தில் செல்லின் நடுவில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக, எதிரும் புதிருமாக நிற்கின்றன. நீ ‘மெட்டாஃபேஸ்’ என்று மொட்டையாக எழுதிவிட்டாய். ஜோடி சேர்ந்து நிற்பது பைவாலண்ட், அது மெட்டாஃபேஸ் 1-இல் மட்டும்தான். மைட்டாசிஸின் மெட்டாஃபேஸில் ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தனியாக ஒரே வரிசையில் நிற்கும்.

அதற்குக் கீழே, ‘மெட்டாஃபேஸ் 1-இல் குறுக்கேற்றம் நடக்கிறது’ என்கிறாய். இல்லை. குறுக்கேற்றம் பாக்கிட்டீனிலேயே நடந்துவிடும். நடந்ததற்கு அடையாளமான கயாஸ்மா டிப்ளோட்டீனில் கண்ணுக்குத் தெரியும். மெட்டாஃபேஸ் 1 வருவதற்குள் பரிமாற்றம் முடிந்துபோன விஷயம்.

‘அனாஃபேஸ் 1-இல் சென்ட்ரோமியர் பிளந்து குரோமாட்டிட்கள் விலகும்’ என்ற வரி முழுத் தவறு. அங்கே சென்ட்ரோமியர் பிளக்காது. குரோமோசோம் தன் இரண்டு குரோமாட்டிட்களோடு முழுசாகத் துருவத்துக்குப் போகும். நீ நீட் எழுதப் போகிறவன் என்பதால் காரணத்தையும் சொல்கிறேன்: குரோமாட்டிட்களைச் சேர்த்துக் கட்டியிருப்பது கொஹீசின் என்ற புரதம். அனாஃபேஸ் 1-இல் கைகளில் இருக்கும் கொஹீசின் மட்டும் அறுபடும். சென்ட்ரோமியர் அருகே இருப்பதை ஷுகோஷின் என்ற இன்னொரு புரதம் காத்து நிற்கும். அது அறுபடுவது அனாஃபேஸ் 2-இல்தான்.

நீ வரைந்த அனாஃபேஸ் படத்தையும் பார். ‘V’ வடிவத்தின் திறந்த வாய் துருவத்தை நோக்கி இருக்கிறது. கதிரிழை பிடித்திழுப்பது சென்ட்ரோமியரை. ஆகவே முனை முன்னே போகும், கைகள் பின்னால் இழுபட்டு வரும். வேர் நுனியை நசுக்கி அசிட்டோகார்மைன் போட்டுப் பார்த்த அன்று நீயும் இதைக் கண்ணால் பார்த்தாய். அதை நினைத்துக்கொண்டு வரைந்திருந்தால் தவறியிருக்காது.

இரண்டாம் கேள்வி, எண்ணிக்கை (5-க்கு 1). இங்கேதான் அதிகம் உட்கார வேண்டும். நெல்லுக்கு 2n = 24. வேர் நுனிச் செல்லுக்கு நீ எழுதியது: ‘மெட்டாஃபேஸில் 48, அனாஃபேஸில் 24, முடிவில் ஒவ்வொரு செல்லிலும் 12.’

ஏன் 48 போட்டாய் என்று புரிகிறது. எஸ் நிலையில் டிஎன்ஏ இரட்டித்துவிட்டது, எனவே குரோமோசோமும் இரட்டித்திருக்கும் என்று நினைத்திருக்கிறாய். டிஎன்ஏ இரட்டித்தது உண்மை. ஆனால் குரோமோசோமை எண்ணும்போது சென்ட்ரோமியரைத்தான் எண்ண வேண்டும், கைகளை அல்ல. இரண்டு குரோமாட்டிட்கள் ஒரு சென்ட்ரோமியரில் ஒட்டியிருக்கும் வரை அது ஒரே குரோமோசோம். ஆகவே மெட்டாஃபேஸில் குரோமோசோம் 24, குரோமாட்டிட் 48. அனாஃபேஸில் பிளந்ததும் ஒவ்வொரு குரோமாட்டிடும் தனிக் குரோமோசோமாகக் கணக்கில் வரும். அந்த நேரத்தில்தான் முழுச் செல்லிலும் 48, துருவத்துக்கு 24. முடிவில் இரண்டு செல்கள், ஒவ்வொன்றிலும் 24. 12 வரவே வராது. வேரில் 12 குரோமோசோமோடு ஒரு செல் இருந்தால் அது நெல்லின் பாதிதான்.

அடுத்தது மகரந்தத் தாய்ச்செல். ‘மியாசிஸ் 1 முடிவில் 24, மியாசிஸ் 2 முடிவில் 12’ என்கிறாய். பாதியாவது முதல் பகுப்பிலேயே. இப்படி வரிசையாக எழுதிப் பழகு:

மெட்டாஃபேஸ் 1: பைவாலண்ட் 12, குரோமோசோம் 24, குரோமாட்டிட் 48.
அனாஃபேஸ் 1: துருவத்துக்கு 12 குரோமோசோம், ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிட்.
மியாசிஸ் 1 முடிவு: இரண்டு செல்கள், ஒவ்வொன்றிலும் 12 குரோமோசோம், 24 குரோமாட்டிட்.
மியாசிஸ் 2 முடிவு: நான்கு செல்கள், ஒவ்வொன்றிலும் ஒற்றை இழையாக 12.

இரண்டாம் பகுப்பில் டிஎன்ஏ-வின் அளவு பாதியாகிறது, குரோமோசோம் எண்ணிக்கை 12-லிருந்து 12 தான். இரண்டு பகுப்புக்கும் நடுவில் ‘டிஎன்ஏ மறுபடி இரட்டிக்கும்’ என்று ஓரத்தில் குறித்திருக்கிறாய், அதை அடித்துவிடு. அங்கே எஸ் நிலை கிடையாது. ஒரு முறை இரட்டித்ததை இரு முறை பங்கிடுவதால்தான் கணக்கு சரியாகிறது.

மூன்றாம் கேள்வி, எதற்காக (5-க்கு 2½). ‘காயம் ஆறுவது மியாசிஸால்’ என்பது அவசரத்தில் மாறியிருக்கும், அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘மைட்டாசிஸ் வளர்ச்சிக்கு மட்டும், இனப்பெருக்கத்துக்கு மியாசிஸ் மட்டும்’ என்பதை விட முடியாது. பூவன் வாழையை எடுத்துக்கொள். அதற்கு மூன்று தொகுதி, மொத்தம் 33 குரோமோசோம். மூன்றை ஜோடி சேர்க்க முடியாததால் மியாசிஸ் ஒழுங்காக நடப்பதில்லை, பழத்தில் விதை இல்லை. ஆனாலும் பக்கக்கன்று வைத்துத் தோட்டம் தோட்டமாகப் பெருக்குகிறோம். அந்தக் கன்று முழுக்க மைட்டாசிஸ். தாய்மரம் எப்படியோ கன்றும் அப்படியே.

மியாசிஸின் பயனுக்குப் பண்ருட்டிப் பலாவை எழுதலாம். நல்ல மரத்துக் கொட்டையைப் போட்டாலும் அதே ருசி, அதே சுளை வரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். அதே பழம் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான். கொட்டைக்குப் பின்னால் மியாசிஸும் கருவுறுதலும் இருக்கின்றன. நெல்லின் 12 ஜோடிகள் துருவங்களுக்குப் பிரியும் விதத்தில் மட்டுமே 2¹², அதாவது 4096 வகைச் சேர்க்கைகள். குறுக்கேற்றம் அதற்கு மேல். மனிதனுக்கு 23 ஜோடி, 83 லட்சத்தைத் தாண்டும்.

எண்ணிக்கை பாதியாவது ஏன் அவசியம் என்பதற்கு ஒரு வரிகூட நீ எழுதவில்லை, அதற்கு மட்டும் ஒரு மதிப்பெண் போனது. பாதியாகாவிட்டால் 24-ம் 24-ம் சேர்ந்து 48, அடுத்த தலைமுறையில் 96. பாதியானால் 12-ம் 12-ம் சேர்ந்து திரும்பவும் 24. பிரியாமல் ஒரே ஒரு குரோமோசோம் கூடுதலாகப் போனாலும் என்ன ஆகும் என்பதற்கு டவுன் நோய்க்குறி இருக்கிறது: 21-ஆவது குரோமோசோம் மூன்று, மொத்தம் 47.

வரும் திங்கட்கிழமை இரண்டாம் கேள்வியை மட்டும் பட்டாணிக்கு எழுதிக்கொண்டு வா, 2n = 14. மைட்டாசிஸ் அனாஃபேஸ், மெட்டாஃபேஸ் 1, மியாசிஸ் 1 முடிவு, மியாசிஸ் 2 முடிவு: நான்கிலும் ஒரு செல்லுக்குக் குரோமோசோம் எத்தனை, குரோமாட்டிட் எத்தனை? பக்கத்தில் யார் யாரைப் பிரிந்தார்கள் என்று ஒரு வரி. எண் சரியாக இருந்தாலும் அந்த வரி இல்லாமல் மதிப்பெண் தர மாட்டேன்.