பேடு கட்டும் பெஞ்சுக்கு மேலே

(வாசலுக்கு நேர் எதிரே, பெரிய எழுத்தில்)

இந்த டிரெஸ்ஸிங் ரூம் சுவரில் சதங்களுக்கு இடமில்லை. அவை ஸ்கோர்புக்கில் பத்திரமாக இருக்கின்றன. இங்கே இருப்பவை 1, 12, 23.

(அதன் கீழே)

1
2019, ஹெடிங்லி. முதல் இன்னிங்ஸில் 67 ரன்னுக்குச் சுருண்ட இங்கிலாந்துக்கு 359 இலக்கு. ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இன்னும் 73 ரன் வேண்டும். மறுமுனையில் ஸ்டோக்ஸ் சிக்ஸர்களாக அடித்துக்கொண்டிருந்தார். இந்த முனையில் ஜாக் லீச் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு 17 பந்துகளைத் தடுத்தார். எடுத்தது ஒரே ஒரு ரன். கடைசி ஜோடி பிரியவே இல்லை, இங்கிலாந்து ஜெயித்தது.

12
2023 உலகக் கோப்பை, மும்பை. ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆஸ்திரேலியா 91க்கு 7. மேக்ஸ்வெல் 201 அடித்தது எல்லோருக்கும் தெரியும். கம்மின்ஸ் 68 பந்தில் 12 எடுத்து நின்றதை இங்கே எழுதி வைக்கிறோம். ஒன்பதாவது ஆளாக இறங்குகிறவர்கள் தினமும் ஒரு முறை படிக்கவும்.

23
2021 ஜனவரி, சிட்னி. விஹாரிக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது, அஸ்வினுக்கு முதுகுவலி. ஓடி ரன் எடுக்க முடியாது. எனவே நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்து. ஆட்டம் டிரா. தோற்காமல் வருவதற்கும் உடம்பு நோக வேண்டும்.

(பேடு மாட்டும் ஆணிகளுக்கு மேலே, வரிசையாக)

அடிக்க முடியாத பந்தை விடுவதும் பேட்டிங்தான்.

போன பந்து போய்விட்டது. அதைப் பிட்ச் நடுவில் நின்று தேடாதே.

பிளே அண்ட் மிஸ் ஆனால் சிரித்துக்கொள். எட்ஜ் ஆகவில்லை அல்லவா?

உனக்கு ஃபார்ம் இல்லாத நாளில் மறுமுனையில் இருப்பவனுக்கு ஸ்டிரைக் கொடு. அதற்கு ஃபார்ம் தேவையில்லை.

(பவுலர்கள் உட்காரும் மூலையில்)

முதல் ஸ்பெல்லில் எறிந்த லைனை மூன்றாவது ஸ்பெல்லிலும் எறிகிறவனுக்குத்தான் பழைய பந்தைக் கொடுப்போம்.

மெய்டன் ஓவருக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். பேட்ஸ்மேன் எண்ணிக்கொண்டிருப்பான்.

2002, ஆன்டிகுவா. தாடை உடைந்த அனில் கும்ப்ளே தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து 14 ஓவர் வீசினார், லாராவை எல்.பி.டபிள்யூ. ஆக்கினார்.
(இதைப் படித்துவிட்டுக் காயத்தை மறைக்கிறவனுக்கு அடுத்த மேட்ச் கிடையாது. கும்ப்ளேயின் கட்டு மைதானம் முழுக்கத் தெரிந்தது. வலித்தால் முதலில் பிசியோவிடம் சொல்.)

(கண்ணாடிக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில்)

36.
2020 டிசம்பர், அடிலெய்டு. இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா மொத்தமாக எடுத்த ரன். ஒரு வாரம் கழித்து மெல்போர்னில் இறங்கியது, ஜெயித்தது. தொடரை 2–1 என்று முடித்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வா.

(ஃபீல்டிங் அட்டவணைக்கு மேலே)

கேட்ச் விட்டவனை முறைக்காதே. அடுத்த கேட்சும் அவனிடமே போகலாம். அப்போது அவன் கை நடுங்கினால் அதில் உனக்கும் பங்கு உண்டு.

விக்கெட் விழாத செஷனில்தான் யார் கால் இழுக்கிறது என்று தெரியும்.

சதங்களுக்கு இடமில்லை என்றோம். ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் ஃபீல்டர்களுக்காக. 14 மார்ச் 2001, ஈடன் கார்டன்ஸ். 274 ரன் பின்தங்கி ஃபாலோ ஆன் ஆடிய இந்தியா அன்று முழுக்க ஒரு விக்கெட்டைக்கூட இழக்கவில்லை. லட்சுமண், திராவிட், சேர்ந்து 376. மறுநாள் இந்தியா 171 ரன்னில் ஜெயித்தது. நாமும் ஒருநாள் அந்த மாதிரி வெயிலில் நிற்போம், அன்று ஃபீல்டிங் செய்த அணியைப் போல. அன்றும் கடைசி ஓவரில் டைவ் அடிக்க வேண்டும்.

(தண்ணீர் பாட்டில் வைக்கும் மேடையில்)

பன்னிரண்டாவது ஆளுக்கு: நீ தண்ணீர் கொண்டு ஓடும் வேகத்தைக் கேப்டன் பார்க்கிறான். நெட்டில் கடைசியாகப் பேட்டிங் கிடைத்தாலும், இருட்டுவதற்குள் கிடைக்கிற ஆறு பந்தையும் மேட்ச் பந்தாக ஆடு.

(வெளியே போகும் கதவின் உட்புறம்)

உள்ளே போகும்போது: கார்டு எடு. மூச்சு விடு. ஒரு பந்து.

திரும்பி வரும்போது: பேட்டை எறியாதே. பேடைக் கழற்று. அடுத்து இறங்குபவனிடம் பந்து எப்படி வருகிறது என்று சொல்.

(அதே கதவில், மார்க்கர் பேனாவால்)

தோற்றாலும் ஜெயித்தாலும் நாளை காலை 6 மணிக்கு நெட். கடைசியாகக் கிளம்புகிறவன் ஃபேனை நிறுத்தவும்.