ஆங்கிள் வகைப்பாடு: ஒரே படத்தில் மூன்று கிளாஸ்
மூன்றாம் ஆண்டு பி.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் செய்முறை வகுப்புக்கான குறிப்பு, சென்னை

எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: மேல் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் மீசியோபக்கல் கஸ்ப், கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் எந்த இடத்தில் விழுகிறது? எண்ணால் சொன்னால் வலப்பக்கம் 16-க்கு 46, இடப்பக்கம் 26-க்கு 36. முன்பற்களைப் பார்த்து கிளாஸ் சொல்பவர்கள்தான் செய்முறைத் தேர்வில் மாட்டிக்கொள்கிறார்கள். எத்துப்பல் எல்லாம் கிளாஸ் 2 இல்லை; தெத்துப்பல் எல்லாம் கிளாஸ் 1 இல்லை.

மேல் கடைவாய்ப்பல் நகராது என்று வைத்துக்கொண்டுதான் ஆங்கிள் பேசுகிறார். அது சரியா என்பதைப் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு பீச்–தாம்பரம் மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தில் நட்ட கம்பம் மேல்பல்லின் கஸ்ப். பெட்டியின் கதவு கீழ்ப்பல்லின் குரூவ். கதவு கம்பத்துக்கு நேரே நின்றால் கிளாஸ் 1. கம்பத்தை எட்டாமல் பின்னாலேயே நின்றுவிட்டால் கிளாஸ் 2. தாண்டிப் போய் நின்றால் கிளாஸ் 3. கம்பம் எப்போதும் நின்ற இடத்திலேயே இருக்கிறது. ஓடுவது கீழ்வரிசை மட்டும். லிஷர் வைத்த பெயர்களும் இதையே சொல்கின்றன: நியூட்ரோ அக்ளூஷன், டிஸ்டோ அக்ளூஷன், மீசியோ அக்ளூஷன்.

வரையும் முறை

மூன்று தனிப் படம் வரையாதீர்கள். ஒரு கிராஃப் தாள், ஒரு ட்ரேசிங் பேப்பர் பட்டை போதும். எல்லா அளவும் உண்மையைப் போல மூன்று மடங்கு. நோயாளியின் வலப்பக்கத்தை வரைகிறோம். அப்படியானால் முகம் தாளின் வலப்புறம் திரும்பியிருக்கும், வலப்புறம் மீசியல், இடப்புறம் டிஸ்டல். இதைத் தாளின் மூலையில் அம்புக்குறியோடு முதலிலேயே எழுதிவிடுங்கள். பாதிப் படத்தில் திசை மாறிப்போவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

கிராஃப் தாளில் மேல் கடைவாய்ப்பல்: அகலம் 30 மி.மீ. வலது ஓரத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி ஒரு கூர்முனை, அதுதான் மீசியோபக்கல் கஸ்ப். சிவப்பு மையால் நிரப்புங்கள். 22 மி.மீ.-இல் டிஸ்டோபக்கல் கஸ்ப். இதற்கு வலப்பக்கம் 20 மி.மீ. அகலத்தில் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்.

பட்டையில் கீழ்வரிசை: கடைவாய்ப்பல் 33 மி.மீ. இதற்குக் கன்னப் பக்கம் மூன்று கஸ்ப், ஆகவே இரண்டு குரூவ். வலது ஓரத்திலிருந்து 12 மி.மீ.-இல் மீசியோபக்கல் குரூவ். இதை நீல மையால் கீழே வரை இழுங்கள். 24 மி.மீ. அளவில் டிஸ்டோபக்கல் குரூவ். இது மெல்லிய பென்சில் கோடு, நீளமும் குறைவு. வலப்பக்கம் தலா 21 மி.மீ. அகலத்தில் இரண்டு முன்கடைவாய்ப்பற்கள், இடப்பக்கம் 31 மி.மீ.-இல் இரண்டாம் கடைவாய்ப்பல்.

சிவப்பு முனைக்கு நேர்கீழே நீலக்கோடு வரும்படி பட்டையை வையுங்கள். இது கிளாஸ் 1. மேல்பல்லின் முன் ஓரம் கீழ்ப்பல்லின் முன் ஓரத்தைவிட 4 மி.மீ. பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் சரி. இரண்டு ஓரமும் ஒரே கோட்டில் வந்தால் எங்கோ அளவு தப்பியிருக்கிறது.

பட்டையை இடப்பக்கம் 12 மி.மீ. இழுங்கள். சிவப்பு முனை இப்போது கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே விழும். இது முழு கிளாஸ் 2. பாதி தூரத்தில், 6 மி.மீ.-இல் நிறுத்தினால் கஸ்பின் மேல் கஸ்ப் நிற்கும், அது எண்ட்-ஆன்.

நேர்நிலைக்கு வந்து, வலப்பக்கம் 21 மி.மீ. தள்ளுங்கள். முனை கீழ் முதல், இரண்டாம் கடைவாய்ப்பற்களுக்கு இடையே போய் விழும். இது முழு கிளாஸ் 3. போகிற வழியில் 12 மி.மீ.-இல் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள்: சிவப்பு முனை அழகாக ஒரு குரூவில் உட்கார்ந்திருக்கும், ஆனால் அது பென்சில் கோடு. மாடலில் இந்த இரண்டாவது குரூவைப் பார்த்துவிட்டு ‘கிளாஸ் 1’ என்று எழுதியவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு. குரூவைத் தொடுவதற்கு முன் மூன்று கஸ்பையும் முன்னாலிருந்து எண்ணுங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

ஒவ்வொரு கிளாசிலும் முன்பற்கள்

கிளாஸ் 1-இல் கடைவாய் சரி, முன்னால்தான் கோளாறு: நெரிசல், இடைவெளி, திரும்பிய பல், மேலே ஏறி நிற்கும் கோரைப்பல். 1915-இல் டூயி இதை ஐந்து டைப்பாகப் பிரித்தார்: முன்பல் நெரிசல், மேல் முன்பற்கள் வெளியே சாய்வது, முன்பக்கக் கிராஸ்பைட், பின்பக்கக் கிராஸ்பைட், பால்பல் சீக்கிரம் போனதால் கடைவாய்ப்பல் முன்னே நகர்வது. இரண்டாவது டைப்பைக் கவனியுங்கள். பல் எத்தி நிற்கும், ஆனாலும் கிளாஸ் 1.

கிளாஸ் 2-க்கு இரண்டு டிவிஷன். டிவிஷன் 1-இல் மேல் முன்பற்கள் வெளியே சாய்ந்திருக்கும், ஓவர்ஜெட் கூடியிருக்கும். இயல்பான ஓவர்ஜெட் 2 முதல் 3 மி.மீ., நம் படத்தில் 6 முதல் 9. டிவிஷன் 1 படத்துக்கு 24 மி.மீ. இடைவெளி விட்டு, கீழ் உதட்டை மேல்பல்லுக்குப் பின்னால் செருகி வரையுங்கள். மேல்பல் இன்னும் இன்னும் வெளியே தள்ளப்படுவது ஏன் என்று அந்த உதடே சொல்லிவிடும். மேல் ஆர்ச் குறுகி ‘வி’ போல இருப்பது வழக்கம்.

டிவிஷன் 2 மறந்துபோகிற டிவிஷன். நடு வெட்டுப்பற்கள் இரண்டும் உள்ளே சாய்ந்திருக்கும், பக்கத்து வெட்டுப்பற்கள் அவற்றின் மேல் ஏறி வெளியே எட்டிப் பார்க்கும். முன்னாலிருந்து பார்ப்பது போல வரைந்தால் மனதில் நிற்கும்: உள்பக்கம் சாய்ந்த இரட்டைக் கதவு, இரு பக்கமும் வெளியே விரிந்த காது. ஓவர்பைட் ஆழமாக இருக்கும். கீழ் முன்பற்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். கடுமையாக இருந்தால் கீழ்ப்பல்லின் முனை மேலண்ண ஈற்றில் பதியும். ஓவர்ஜெட் குறைவு என்பதால் நோயாளிக்கே இது கோளாறாகத் தெரியாது. நமக்கும் முன்னாலிருந்து மட்டும் பார்த்தால் தெரியாது.

கிளாஸ் 3-இல் முன்பற்கள் முனைக்கு முனை மோதலாம், அல்லது கீழ்ப்பல் வெளியே வந்து கிராஸ்பைட் ஆகலாம். இங்கே ஒரு போலி உண்டு. ஏதோ ஒரு பல் முதலில் தட்டுவதால், நோயாளி தாடையை முன்னே நகர்த்திக் கடிக்கிறார். அது சூடோ கிளாஸ் 3. நாக்கு நுனியை மேலண்ணத்தின் பின்பகுதியில் வைத்து மெல்ல வாயை மூடச் சொல்லுங்கள். முன்பற்கள் முனைக்கு முனை வந்து தொட்டு, பிறகு தாடை முன்னே சறுக்கினால் போலியைச் சந்தேகிக்கலாம். மாடலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது, நோயாளி நாற்காலியில் இருக்க வேண்டும்.

தப்பு நடக்கும் இடங்கள்

மாடலைப் பார்க்கும் கோணம். மேல்பல் கன்னப் பக்கம் சற்று வெளியே நிற்கிறது. முன்னாலிருந்து சாய்வாகப் பார்த்தால் சிவப்பு முனை கீழ்ப்பல்லின் பின்பகுதிக்கு நேரே இருப்பது போலத் தோன்றும்; கிளாஸ் 2 கூட கிளாஸ் 1 மாதிரி தெரியும். கண்ணாடி வைக்காமல் அவசரத்தில் எடுத்த பக்கவாட்டுப் போட்டோவிலும் இதே கதை. கண் கடைவாய்ப்பல்லுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மாடலின் அடிப்பாகத்தைச் சரியாக ட்ரிம் செய்திருந்தால், பின்பக்கத்தை மேசையில் நிறுத்தியதும் இரு தாடையும் சரியான கடிக்கு வந்துவிடும்.

7 வயதுக் குழந்தையின் எண்ட்-ஆன். முதல் கடைவாய்ப்பல் சுமார் 6 வயதில் முளைக்கிறது. பால் கடைவாய்ப்பற்களின் பின் ஓரங்கள் ஒரே கோட்டில் இருந்தால் புதுப்பல் எண்ட்-ஆனாகத்தான் வரும். பால்பற்கள் விழும்போது கிடைக்கும் லீவே இடம் மேலே பக்கத்துக்கு 0.9 மி.மீ., கீழே 1.7. கீழே கூடுதல் என்பதால் கீழ்ப்பல் கொஞ்சம் அதிகம் முன்னே வர முடிகிறது; தாடை வளர்ச்சியும் சேர்ந்தால் பலருக்கு அது கிளாஸ் 1 ஆகிவிடும். அந்த வயதில் ‘எண்ட்-ஆன்’ என்று எழுதி நிறுத்துங்கள்.

கம்பமே நகர்ந்த கேஸ். மேல் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் சொத்தையால் சீக்கிரம் பிடுங்கப்பட்டால், 16 முன்னே சாய்ந்து உள்பக்கம் திரும்பும். தாடை ஒழுங்காக இருந்தும் கடைவாய் மட்டும் கிளாஸ் 2 காட்டும். ஆங்கிளின் அனுமானம் உடைகிற இடம் இது. அதனால்தான் கோரைப்பல்லையும் பார்க்கச் சொல்கிறோம்: மேல் கோரைப்பல் முனை, கீழ்க் கோரைப்பல்லுக்கும் முதல் முன்கடைவாய்ப்பல்லுக்கும் இடையே விழுந்தால் கிளாஸ் 1. முதல் கடைவாய்ப்பல்லே இல்லாதவருக்கு இதுதான் துணை. ஆங்கிள் முன்-பின் உறவை மட்டுமே சொல்கிறார்; அகலத்தையும் உயரத்தையும் சொல்வதில்லை. கோளாறு எலும்பிலா பல்லிலா என்பதற்கும் அதில் பதில் இல்லை. அதற்கு செஃபலோகிராம் வேண்டும்.

ஒரு மாடல், ஒரு பதில்

மாடல் 7, வயது 13, பெண், வியாசர்பாடி. வலப்பக்கம் 16-இன் கஸ்ப் 45, 46 நடுவில். இடப்பக்கம் 26-இன் கஸ்ப் 36-இன் முதல் குரூவில். ஓவர்ஜெட் 8 மி.மீ., மேல் முன்பற்கள் வெளியே சாய்வு. 53 இன்னும் விழவில்லை, 13 முளைக்கவில்லை. ஆகவே வலப்பக்கக் கோரைப்பல் உறவு எழுத முடியாது, அதையும் அப்படியே குறிப்பிட வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் சப்டிவிஷன். எந்தப் பக்கப் பெயரைச் சொல்வது என்பதில் குழப்பம் வரும். நம் வகுப்பில் கோளாறு உள்ள பக்கத்தின் பெயரைச் சொல்கிறோம், கூடவே இரு பக்கத்தையும் தனித்தனியே எழுதிவிடுகிறோம். ரெக்கார்டில் வர வேண்டிய வரி:

‘ஆங்கிள் கிளாஸ் 2 டிவிஷன் 1 சப்டிவிஷன் வலது. மோலார் உறவு: வலது முழு கிளாஸ் 2, இடது கிளாஸ் 1. கோரைப்பல் உறவு: வலது பதிவு செய்ய இயலாது, இடது கிளாஸ் 1. ஓவர்ஜெட் 8 மி.மீ.’