பால்காய்ப்புக்கு முன்னால் செண்பகத்துக்கு

அன்புள்ள செண்பகம்,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலை மூன்று தடவை கேட்டேன். பதிலுக்கு ஒரு கைகூப்புப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். வேறு யாருக்காவது அது பதிலாக இருக்கலாம், உனக்கு ஆகாது. அதனால்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரொம்ப ரொம்ப சந்தோஷம்டி. உன் பெயரில் கிரயப் பத்திரம், உன் கையில் சாவி. நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது.

ஆனால் நீ பேசினது எனக்குப் பிடிக்கவில்லை. "சின்ன வீடுதாம்ட்டி, ரெட்டியார்பட்டி பக்கம், ஊருக்கு வெளிய, முக்கால்வாசியும் கடன்தான்" என்று இழுத்து இழுத்துச் சொன்னாயே, அது எனக்காகத்தானே? கோமதிக்கு மனசு வலிக்குமே என்று உன் வீட்டை நீயே குறைத்துச் சொல்கிறாய். அப்படிச் சொல்லாதே. முத்திரைத்தாளுக்கு 7, பதிவுக்கு 2 என்று நூற்றுக்கு ஒன்பது ரூபாய் பத்திரத்துக்கே போகிறது என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கூட்டிக் கூட்டிப் பார்த்தவள் நீ. வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் ஒரு பெயர் இடிக்கிறது என்று ஒரு மனையை விட்டுவிட்டு, அட்வான்ஸைத் திரும்ப வாங்க நாலு மாதம் நடந்தாய். அத்தனைக்கும் அப்புறம் வந்த வீட்டைச் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி நான் அழுதது நிஜம். உன்னிடம் மறைக்க மாட்டேன். இங்கே வாடகை இரண்டு மாதம் நிற்கிறது. இவர்களுக்கு வேலை வாரத்தில் மூன்று நாள்தான். வீட்டுக்காரம்மா மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டாலே டிவியைக் குறைக்கிறேன். அந்த நேரத்தில் உன் சேதி வந்தது. "நமக்கு எப்போ?" என்று ஒரு நினைப்பு வந்தது. அது உன் மேல் வந்த பொறாமை இல்லை செண்பகம், என் வீட்டு நிலைமையை நினைத்து வந்த அழுகை. இரண்டும் ஒரே ராத்திரியில் வந்துவிட்டதால்தான் உனக்குப் பதில் எழுத வரவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தை நான் மறக்கவில்லை. சிந்துபூந்துறையில் எங்கள் வாடகை வீட்டுக்குள் ஆற்றுத்தண்ணீர் ஜன்னல் உயரத்துக்கு ஏறியது. வடிந்தபின் சேறு அள்ள முதலில் வந்தவள் நீதான், உன் வீட்டு வாளியையும் எடுத்துக்கொண்டு. என் கல்யாணப் பட்டை மூன்று தண்ணீரில் அலசி, கொடியில் விரித்துவிட்டு, "நான் வாங்குனா மேட்டுலதாம்ட்டி வாங்குவேன்" என்றாய். சொன்னபடி வாங்கிவிட்டாய். இனி மழை வலுத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று நான் யோசிக்க வேண்டியதில்லை. இதைக் கேட்காமலே எழுதுகிறேன், உன்னிடம் கேட்க என்ன இருக்கிறது?

அப்புறம் உன் அப்பா படம். டவுணில் ஜவுளிக்கடை வேலைக்குப் போன நாளில் நாம் இருந்த மாடி அறை ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படத்தை மாட்ட நீ ஆணியை வைத்து இரண்டு தட்டுத்தான் தட்டினாய். கீழேயிருந்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். "சுவத்துல ஓட்டை போடக்கூடாதுன்னு சொல்லித்தானே விட்டேன்" என்றார். காரை பெயர்ந்த இடத்தை நீ பற்பசை வைத்து அடைத்தாய். அப்பாவை மறுபடி தினத்தாளில் சுற்றி டிரங்குப்பெட்டி மேல் வைத்தாய். இரண்டு வருஷமும் அமாவாசைக்கு மட்டும் பிரித்து, பொட்டு வைத்து, திரும்பச் சுற்றி வைப்பாய். கல்யாணத்துக்குப் பிறகு மாறின வீடுகளிலும் அவர் அலமாரி மேல்தான் சாய்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரைக்குப் பால்காய்ப்பு என்றாய். நாலு மணிக்கே நாங்கள் அங்கே இருப்போம். உப்பும் மஞ்சளும் நான் கொண்டு வருகிறேன், நீ வாங்காதே. பெரிதாக மொய் வைக்க இப்போது முடியாது. அது உனக்கும் தெரியும். சொதிக்குத் தேங்காய் துருவ, பால் பிழிய, பாத்திரம் கழுவ என்று சாயங்காலம் வரை உன்னோடு நிற்பேன். சமையலுக்கு ஆள் சொல்லியிருந்தால் சொதியை மட்டும் எனக்கு விட்டுவிடு.

வந்ததும் எனக்கு வீட்டை முழுசாகக் காட்ட வேண்டும். குளியலறைக் குழாய் முதல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரை ஒன்றையும் விடாதே. என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசாதே.

புதுச் சுவரில் சாதா ஆணி வளைந்துவிடும் என்று இவர்கள் கான்கிரீட் ஆணி நாலு வாங்கி வைத்திருக்கிறார்கள். சுத்தியலும் எடுத்து வருகிறோம். அப்பாவுக்கு எந்தச் சுவர் என்று முடிவு செய்து வை. நான் வரும்வரை வேறு யாரையும் அடிக்க விடாதே.

அண்ணனுக்கும் அம்மாவுக்கும் என் வாழ்த்தைச் சொல்.

உன்
கோமதி