பேக்ரவுண்ட் எடிட்டிங் ரேட் விவரம்: 90 படங்கள்

வணக்கம் சார்,

நேற்று டிரைவில் போட்ட 90 படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ரேட் கீழே.

சிம்பிள் பேக்ரவுண்ட்: படத்துக்கு ₹25. உங்களுடையதில் 52 படங்கள். ₹1,300.
காம்ப்ளெக்ஸ்: படத்துக்கு ₹80. 27 படங்கள். ₹2,160.
மாடல் படங்கள், தலைமுடியோடு: படத்துக்கு ₹150. 8 படங்கள். ₹1,200.

மொத்தம் 87 படங்களுக்கு ₹4,660. மீதி 3 படங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு ஜிமிக்கி படங்களும் ஒரு சொம்பு படமும் கை ஆடி மங்கலாக இருக்கின்றன. பின்னணியை எடுத்தாலும் ஓரம் சுத்தமாக வராது. திரும்ப எடுத்து அனுப்பினால் இதே ரேட்டில் செய்து தருகிறேன்.

போனில் எல்லாவற்றுக்கும் ஒரே ரேட் கேட்டீர்கள். அப்படிப் போட்டால் நான் படத்துக்கு ₹55 சொல்ல வேண்டியிருக்கும், மொத்தம் ₹4,785 ஆகிவிடும். அடுத்த முறை வெறும் தட்டும் டம்ளரும் மட்டும் அனுப்பினால் உங்களுக்குத்தான் நஷ்டம். அதனால் பிரித்தே போட்டிருக்கிறேன்.

எதைச் சிம்பிள் என்கிறேன்: ஓரம் தெளிவாக இருக்க வேண்டும், நடுவில் ஓட்டை இருக்கக் கூடாது. தட்டு, டம்ளர், குங்குமச்சிமிழ், மடித்து வைத்த புடவை எல்லாம் இதில் வரும். பென் டூலில் சுற்றி வரைந்து வெட்டி, வெள்ளைப் பின்னணியில் வைத்துத் தருவேன்.

காம்ப்ளெக்ஸில்தான் நேரம் போகும். அந்த முத்து ஆரத்தைப் பாருங்கள். முத்துக்கும் முத்துக்கும் நடுவே நீலத் துணி தெரிகிறது, ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். தூக்கு விளக்குச் சங்கிலியும், புடவை முந்தானைக் குஞ்சமும் அதே மாதிரிதான். ஆர்கன்சா புடவைக்குப் பின்னால் இருக்கும் சுவர் துணி வழியாகவே தெரிகிறது. அதை வெட்டினால் போதாது, துணியின் மெல்லிய தன்மை போகாமல் நிறத்தையும் மாற்ற வேண்டும்.

பித்தளைக்கு ஒரு தனி வார்த்தை. காமாட்சி விளக்கைச் சிவப்புத் துணி மேல் வைத்து எடுத்திருக்கிறீர்கள். துணியின் சிவப்பு விளக்கின் அடிப்பக்கம் முழுக்கப் பிரதிபலிக்கிறது, உற்றுப் பார்த்தால் எடுத்தவர் கையும் போனும்கூடத் தெரிகின்றன! வெள்ளையில் வைத்தால் விளக்குக்குச் சாயம் ஒட்டின மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்வதும் ₹80-க்குள்ளேயே அடங்கும். இனிமேல் பித்தளையை வெள்ளை சார்ட் பேப்பரில், ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள். பாதிப் படங்கள் தானாகவே சிம்பிளுக்கு வந்துவிடும். எனக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

மாடல் படங்களில் காம்பவுண்ட் சுவரின் பச்சை, விரித்த முடியின் ஓரங்களில் ஏறியிருக்கிறது. முடியையும் மல்லிகைச் சரத்தையும் இழை போகாமல் தனியாக மாஸ்க் செய்து, பச்சையை எடுத்து, பிறகுதான் நீங்கள் கேட்ட கோயில் மண்டபப் பின்னணியை வைக்க முடியும். மாடலுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது, அதனால் மண்டபப் படத்திலும் அதே பக்கம் வெளிச்சம் இருந்தால்தான் ஒட்டும். நெட்டில் கிடைத்த படத்தை எடுத்து வைக்க மாட்டேன், உரிமைப் பிரச்சினை வரும். நீங்களே எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் நான் எடுத்து வைத்திருக்கும் படங்களில் நாலைந்து காட்டுகிறேன், அதற்குத் தனிக் காசு இல்லை.

பொருளுக்கு அடியில் லேசான நிழல் வேண்டுமென்றால் படத்துக்கு ₹10 கூடுதல். குத்துவிளக்குக்கு மட்டும் கண்டிப்பாகப் போடச் சொல்வேன், இல்லையென்றால் அந்தரத்தில் மிதக்கும். அமேசானில் முதல் படத்துக்கு நிழல் வேண்டாம். அங்கே பின்னணி சுத்த வெள்ளையாக, ஆர்ஜிபி 255, 255, 255 இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். அந்த அளவுக்கே தருகிறேன். வெள்ளைப் பின்னணிக்கு ஜேபெக், பின்னணியே இல்லாமல் வேண்டுமென்றால் பிஎன்ஜி. இரண்டும் சேர்த்துக் கேட்டாலும் அதே ரேட்தான்.

திருத்தம்: ஓரம் சரியாக வரவில்லை என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசம். ஆனால் ஓகே சொன்ன பிறகு பின்னணியையே மாற்றச் சொன்னால் படத்துக்கு ₹30.

அட்வான்ஸ் பாதி, ₹2,330. அது வந்ததும் வேலை ஆரம்பிப்பேன். சிம்பிள் படங்கள் மூன்று நாளில், மற்றவை ஒரு வாரத்தில், ஆடித் தள்ளுபடிக்கு முன்னாலேயே கையில் இருக்கும். முதலில் வாட்டர்மார்க்கோடு சின்ன சைஸில் அனுப்புவேன், பாக்கி வந்ததும் முழு சைஸ் ஃபைல்கள் டிரைவில் வரும். நான் ஜிஎஸ்டி பதிவில் இல்லை, எனவே இந்தத் தொகைக்கு மேல் வரி எதுவும் கிடையாது. இந்த ரேட் மாதக் கடைசி வரை.

புதுப் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்ப வேண்டாம் சார், தரம் குறைந்துவிடும். டாகுமென்ட்டாகவோ டிரைவிலோ போடுங்கள். சரி என்றால் ஜிபே இதே நம்பருக்குத்தான், அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் போட்டுவிடுங்கள்.