பதினொரு பக்கப் பணிவாய்ப்புக் கடிதத்தின் சுருக்கம்

சம்பளம்: ஆண்டுக்கு 9,00,000 ரூபாய் என்று முதல் பக்கம் சொன்னாலும், அதில் 90,000 ரூபாய் செயல்திறனைப் பொறுத்து ஆண்டு முடிவில் வழங்கப்படும் ஊக்கத்தொகை என்று ஏழாம் பக்க இணைப்பில் இருப்பதால், பிடித்தங்களுக்கு முன் உறுதியாகக் கிடைப்பது மாதம் 67,500 ரூபாய்தான்.

முன்னறிவிப்பு: தகுதிகாண் காலத்தில் இரு தரப்புக்கும் 15 நாட்கள். பணி உறுதியானபின் நீங்கள் 90 நாட்கள் தர வேண்டும். நிறுவனம் 30 நாட்கள் தந்தால் போதும். குறையும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்தைச் செலுத்திவிட்டு, “நிறுவனம் ஏற்றுக்கொண்டால்” முன்னதாக விலகலாம் என்கிறது பிரிவு 12. அந்த இரு சொற்களால், பணம் கட்டினாலும் உடனே விலகுவது உங்கள் உரிமையாகிவிடாது. கையெழுத்திடுமுன் பேசித் திருத்தக் கேட்க வேண்டியது இந்தப் பிரிவைத்தான்.

தகுதிகாண் காலம்: சேரும் நாளிலிருந்து 6 மாதங்கள், மேலும் 3 மாதங்கள் நீட்டிக்கப்படலாம். எழுத்துமூல உறுதிக் கடிதம் வரும்வரை, நாள் கடந்தாலும் தகுதிகாண் நிலையே தொடரும்.

விடுப்பு: ஆண்டுக்கு ஈட்டிய விடுப்பு 18 நாட்கள், தற்செயல் விடுப்பு 8, மருத்துவ விடுப்பு 7. ஈட்டிய விடுப்பு முதல் நாளிலிருந்தே சேரும். ஆனால் பணி உறுதியானபின்தான் எடுக்க முடியும். மீதமுள்ளதில் 10 நாட்கள் மட்டுமே அடுத்த ஆண்டுக்குச் செல்லும்.