நவீன் பார்த்தது

கணக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து அழைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கதிர் ஆசிரியர் அறையில் பெஞ்சில் கிடந்தான். கால்சட்டை நனைந்திருந்தது, உதட்டோரம் ரத்தம். வலது கைக்குள் யாரோ ஒரு சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். விரல்களைப் பிரித்து எடுத்தபோது உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதிந்திருந்தன.

"அம்மா, பேப்பர் கொடுத்துவிட்டேனா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி தூங்கிப்போனான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கதவைச் சாத்தினார். "காக்காய் வலிப்பு என்று வெளியே ஒரு சொல் போகக்கூடாது. பிள்ளைக்கு நாளை ஒரு வாழ்க்கை வேண்டாமா?" களைப்பில் மயங்கிவிட்டான் என்று சொல்லிவிடலாம் என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன். அன்று இரவு முழுவதும் அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் புரண்டு படுத்தபோதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

நரம்பியல் மருத்துவர் எங்கள் பயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு கேள்விகளைத் தொடங்கினார். எந்தப் பக்கம் முதலில் இழுத்தது? கண் திறந்திருந்ததா? தலை திரும்பியதா? எத்தனை நிமிடம்? ஒன்றுக்கும் எங்களிடம் விடையில்லை. கதிருக்கோ எதுவுமே நினைவில்லை.

தலை முழுக்கப் பசை தடவி, கம்பிகள் ஒட்டி, மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். குறை ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மருத்துவர் மெல்லத் தடுத்தார். "இது சரியாக இருந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பக்கத்தில் இருந்து பார்த்தவர் யார்? அவர் சொல்வதுதான் எனக்கு முக்கியம்."

பக்கத்தில் இருந்தவன் நவீன். அவனைக் கேட்கவேண்டுமென்றால் மறைத்ததைத் திறக்கவேண்டும். இரண்டு நாள் தயங்கினோம். இன்று நினைத்தால் அந்த இரண்டு நாள்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நவீன் தன் அம்மாவோடு வந்தான். கதிரும் எதிரில் உட்கார்ந்து கேட்டான்.

"முதலில் இவன் பேனா நின்றுவிட்டது. தலை இடது பக்கம், சன்னலைப் பார்த்துத் திரும்பியது. இடது கை வெட்டியது. ஒரு சத்தம் போட்டான், கீழே விழுந்தான். பிறகு உடம்பு முழுக்க உதறியது."

"ரொம்ப நேரமா? பத்து நிமிடம் என்றார்களே?" என்றேன்.

"இல்லை. தேர்வு என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நொடி முள் இரண்டு சுற்று முடிக்கவில்லை." சற்று நிறுத்தினான். "பேனா அடிக்கடி நிற்கும். கூப்பிட்டால் கேட்காது. சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருப்பான். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்."

வகுப்பில் கனவு காண்கிறான் என்று ஆசிரியர் எழுதி அனுப்பிய குறிப்பு எனக்கு நினைவு வந்தது. அதற்காக அவனை அடித்திருக்கிறேன்.

"யாராவது சிரித்தார்களா?" என்றான் கதிர்.

"இரண்டு பேர். அப்புறம் அவர்களே அழுதார்கள்."

நவீன் சொன்னதைக் கேட்டதும் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சின்ன நிறுத்தங்களும் வலிப்புகள்தாம். மூளையின் ஒரு பகுதியில் தொடங்குபவை. ஆகவே பள்ளியில் வந்தது முதல் வலிப்பே அல்ல. அன்றே மாத்திரை எழுதினார். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, நாமாக நிறுத்தவே கூடாது என்றார். தேர்வுக்கு முந்தின இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று கேட்டார். இரண்டு மணி. தூக்கம் கெட்டால் வலிப்பு வர வாய்ப்பு அதிகம். குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம், தனியாக நீந்த வேண்டாம். இது ஒட்டுவதும் இல்லை, யார் செய்த பாவமும் இல்லை.

அத்தை கடைசியில் கேட்டார். "சாவி கொடுத்தால் நின்றுவிடும் என்பார்களே, ஐயா?"

"பெரும்பாலும் சில நிமிடங்களில் அதுவாகவே நிற்கும், அம்மா. நிற்கிற நேரத்தில் கையில் சாவி இருக்கும், அவ்வளவுதான். வாயில் எதையும் வைக்காதீர்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழையுங்கள்."

ஆறு வாரம் கழித்து, ஒரு மாலையில், கூடத்தில் ஏதோ விழும் சத்தம் கேட்டு ஓடினேன். கதிர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். நாற்காலி எட்டத் தள்ளப்பட்டிருந்தது. கழுத்துப் பொத்தான் அவிழ்ந்திருந்தது; தலைக்கடியில் அத்தையின் மடித்த சால்வை. அருகே அத்தை மண்டியிட்டிருந்தார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, பார்வை மட்டும் சுவர்க் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து செருகியபடியே இருந்தது.

"ஒரு நிமிடம் நாற்பது நொடி" என்றார் என்னிடம். "நின்றுவிட்டது. மாத்திரைப் புத்தகத்தை எடு, எழுதிவைக்க வேண்டும்."